மீமைக் கழுவி அரபிக்கு அனுப்பாதீர்கள்

மீம் ஒன்றை அரபிக்குக் கொண்டுபோக மூன்று விதிகள் போதும் என்று மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவர்களும் விளம்பரக்காரர்களும் வளைகுடாவில் கடை வைத்திருக்கும் நம்மவர்களும் ஏறக்குறைய ஒரே குரலில் சொல்கிறார்கள். படத்தைத் தொடாதே, அது எல்லா மொழியும் பேசும், எழுத்தை மட்டும் மாற்று. எழுதுவதை ஃபுஸ்ஹா என்கிற ஏட்டு அரபியில் எழுது, 22 நாட்டுக்கும் ஒன்றாகப் போய்ச் சேரும். மதம், மது, பன்றி, பெண் என்று சந்தேகத்துக்கு இடமான எது இருந்தாலும் வெட்டிவிடு, யாரும் புண்பட மாட்டார்கள். இவ்வளவு செய்த பிறகும் ஒரு சிலேடை முரண்டு பிடித்தால், சிலேடை மொழிபெயராது என்று கைகழுவிவிடு.

இதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. வடிவேலு திருதிருவென்று விழித்தால், ஆசாமி எங்கோ மாட்டிக்கொண்டான் என்பது மொழி தெரியாதவருக்கும் புரியும். பள்ளிக்கூடம் போன அரபியர் எல்லோரும் ஏட்டு அரபியை வாசிப்பார்கள். கெய்ரோ தெருப்பேச்சும் காஸாபிளாங்கா தெருப்பேச்சும் அப்படி ஒத்துப்போவதில்லை. வெட்டச் சொல்கிறவர்களின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் இணையக் குற்றச் சட்டம், 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டம், இணையம் வழியாக ஒருவரை இழிவுபடுத்தினால் சிறைத் தண்டனைக்கும் 2,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரையிலான அபராதத்துக்கும் இடம் தருகிறது. 2020 ஏப்ரலில் இஸ்லாமியரை இகழ்ந்து பதிவிட்ட இந்தியர் சிலர் அங்கே வேலை இழந்ததும், அன்றைய இந்தியத் தூதர் பவன் கபூர் பொதுவெளியில் எச்சரித்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஆகவே பயப்படுகிறவரை நான் குறை சொல்லவில்லை. பயத்துக்கு அவர் தேடும் மருந்துதான் தவறு.

ஒரு மீமின் சிரிப்பும் அது உண்டாக்கும் காயமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. யார், யாரைப் பார்த்து, எந்தக் குரலில் சிரிக்கிறார்கள் என்பதே அந்த இடம். மூன்று விதிகளும் அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கவனிக்கின்றன. அதனால்தான் அவற்றைப் பின்பற்றிச் செய்த மீமில் சிரிப்பும் செத்துப்போகிறது, காயமும் தப்பாமல் வந்து சேர்கிறது. இதைக் காட்டத் தமிழர் எல்லோரும் அறிந்த மீம் ஒன்றை அரபி வரை நடத்திப் பார்த்துவிடலாம்.

மலையாளத்தில் 1999இல் வந்த ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்தை அதே இயக்குநர் சித்திக் 2001இல் தமிழில் எடுத்தார். ஜமீன் மாளிகைக்கு வர்ணம் அடிக்க வந்த கான்ட்ராக்டர் நேசமணியாக வடிவேலு. அவருடைய ஆள் கிருஷ்ணமூர்த்தியாக ரமேஷ் கண்ணா. மேலே இருந்து கிருஷ்ணமூர்த்தி கைநழுவவிட்ட சுத்தியல் நேராக நேசமணியின் தலையில் இறங்குகிறது. 18 ஆண்டுகள் கழித்து, 2019 மே மாதக் கடைசியில், கட்டடப் பொறியியல் படிப்பவர்களுக்கான முகநூல் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் ஆங்கிலத்தில் வெகு நிதானமாகப் பதில் எழுதினார்: பெயர் சுத்தியல், அடித்தால் டங் என்று சத்தம் வரும், பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் மண்டையை ஜமீன் மாளிகையில் அவருடைய உறவுக்காரப் பையன் இதைக்கொண்டுதான் உடைத்தான், பாவம். இன்னொருவர் அக்கறையோடு, இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். அவ்வளவுதான். மே 29 அன்று #Pray_for_Nesamani உலக அளவில் முன்வரிசைக்கு ஏறியது. மறுநாள் பிரதமர் பதவியேற்பு. நாடே பேசிக்கொண்டிருந்தது நேசமணியின் உடல்நிலையைப் பற்றி.

இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். சுத்தியலில் இல்லை, உடைந்த மண்டையிலும் இல்லை. ஒருபோதும் இல்லாத ஒரு மனிதருக்குப் பதினெட்டு வருஷத்துக்கு முன் பட்ட அடியை, ஊரே முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் இன்றைய அவசரச் செய்தியாக எடுத்துக்கொண்டதே நகைச்சுவை. அடிபடுகிறவர் எல்லோருக்கும் வேண்டியவர். கேலி போகும் இடம், எதையும் அவசரச் செய்தியாக்கும் இந்தக் காலத்தின் பதற்றம். இதை மனதில் வைத்துக்கொண்டு விதிகளை ஒவ்வொன்றாக எடுப்போம்.

1. படம் எல்லா மொழியும் பேசும் என்றால், ஆர்.கே.பேட்டையிலிருந்து நகரி போய்ச் சேர்வதற்குள் வடிவேலு ஏன் பிரம்மானந்தம் ஆகிவிடுகிறார்? 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி தமிழகத்தோடு சேர்ந்தபோது எல்லைக்கோடு ஊர்களுக்கு நடுவில் போனது. வீட்டுக்குள் புழங்கிய இரண்டு மொழிகளையும் அது பிரிக்கவில்லை. இந்தப் பக்கமும் தறி, அந்தப் பக்கமும் தறி. இரண்டு மொழிப் படங்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். இருந்தும், கடன்காரர் போன் அடிக்கும் நேரத்தைக் கேலி செய்யும் மீம் தமிழில் வந்தால் வடிவேலுவோ கவுண்டமணியோ, தெலுங்கில் வந்தால் பிரம்மானந்தமோ என்றுதான் பெரும்பாலும் வருகிறது. வடிவேலு முகத்தின் கீழ் தெலுங்கு எழுத்தை ஒட்டினால் வேலை முடிந்தது என்று எந்த மீம்காரரும் நினைப்பதில்லை. கீழே உள்ள வரியைக் கண் வாசிப்பதற்கு முன்பே முகம் தன் படங்களின் நினைவையெல்லாம் கொண்டுவந்து கொட்டிவிடும். அந்த நினைவு இல்லாதவருக்கு முகம் வெறும் முகம். ஒரே பேருந்தில் போய்வரும் தூரத்துக்கே படத்தை மொழிபெயர்க்க வேண்டியிருக்கும்போது, குவைத்துக்கு அதைத் தொடாமல் அனுப்பு என்பது என்ன நியாயம்?

நினைவு இல்லாத இடத்தில் முகம் சும்மாவும் இருப்பதில்லை, உள்ளூர்க்காரர் தரும் வேறொரு அர்த்தத்தை எடுத்துக்கொள்கிறது. சீனக் கூடைப்பந்து வீரர் யாவ் மிங் சிரிக்கும் கோட்டோவியம் அமெரிக்க இணையத்தில் எதிராளியை ஏளனமாகத் தட்டிவிடும் முகமாக இருந்தது. எகிப்தில் அதே முகம் ‘அஸாஹ்பி’ ஆனது, நம்முடைய ‘மச்சி’ போல. அந்தப் பெயரிலேயே பெரிய நையாண்டிப் பக்கம் ஒன்று நடந்தது. ஏளனம் தோழமையாகிவிட்டது, படத்தில் ஒரு கோடு கூட மாறவில்லை.

நேசமணிக்கு இந்த விதி செய்யும் தீங்கு இன்னும் மோசமானது. வளைகுடா வாசகர் முன் வடிவேலு படத்தை அப்படியே வைத்துக் கீழே அரபியில் எழுதினால் அவர் காண்பது என்ன? வர்ணம் அடிக்க வந்த தெற்காசியத் தொழிலாளி ஒருவர் தலையில் சுத்தியல் விழுந்து கலங்கி நிற்கிறார். தமிழருக்கு அது வடிவேலு. வளைகுடா வாசகருக்கோ அது தன் ஊரில் நாள்தோறும் பார்க்கும் கட்டட வேலைக்காரரின் விபத்து. சிரித்தால் கொடுமை, சிரிக்காவிட்டால் மீம் தோல்வி. ஒரு சொல் கூடத் தவறாக மொழிபெயர்க்கப்படாமலே, ஊரே கொண்டாடிய மனிதர் ஊர் சிரிக்கும் கூலிக்காரராகிவிட்டார். கேலி செய்யப்படுகிறவர் மாறிவிட்டார். அவமானம் நம்முடைய ஆட்களின் தலையில்தான் விழுகிறது.

குவைத்துக்காரருக்கு அந்த இடத்தில் உட்கார வேறு ஆள் தயாராக இருக்கிறார். 1977இல் வந்த ‘தர்ப் அஸ்ஸலக்’ தொலைக்காட்சித் தொடரில், கையில் பணம் வந்ததும் அண்ணனும் தம்பியும் தொழில் தொழிலாகத் தொடங்கி ஒவ்வொன்றையும் குட்டிச்சுவராக்குவார்கள். அதில் அப்துல் ஹுசைன் அப்துல் ரிதா நடித்த ஹுசைன், இன்றும் வளைகுடா மீம்களில் சுற்றும் முகம். பெரிய மனுஷத் தோரணை, தொட்ட வேலையெல்லாம் கோணல், ஆனாலும் எல்லோருக்கும் செல்லம். நேசமணியின் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, பல ஆண்டுகளுக்கு முன் திரையில் அவருக்கு நேர்ந்த ஒரு சங்கடத்தை இன்றைய செய்தியாக்கினால் மீம் உயிரோடு போய்ச் சேரும். எகிப்தியருக்கானால் 2002இல் முகமது சஅத் நடித்த ‘அல்லிம்பி’ பாத்திரம் இருக்கிறது.

படத்தின் உள்ளே ஒரு வாசிப்பு வரிசை இருப்பதையும் இந்த விதி மறந்துவிடுகிறது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டம் வைத்து, இடப்பக்கம் காரணமும் வலப்பக்கம் விளைவுமாகச் செய்த மீமை அரபி வாசகர் வலமிருந்து பார்ப்பார். முடிவு முதலில் தெரிந்துவிடும், சிரிப்பு போய்விடும். கட்டங்களின் இடத்தை மாற்றினால் தீரும் பிரச்சினை இது. முழுப் படத்தையும் கண்ணாடிபோலத் திருப்பிவிடுகிறவர்களும் உண்டு. அப்படித் திருப்பினால் வலது கையால் சாப்பிடுகிறவர் இடது கையால் சாப்பிடுவார். அது எப்படித் தெரியும் என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை, அரபியருக்கும் அப்படியே.

2. ஏட்டு அரபி நடுநிலையான மொழி என்று யார் சொன்னது? எழுத்துக்கு ஒரு தமிழ், பேச்சுக்கு ஒரு தமிழ் என்று வாழ்கிற நமக்கே இது புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்? டீக்கடையில் ஒருவர் செந்தமிழில் தேநீர் கேட்டால் சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தச் செந்தமிழ் நடுநிலையாக ஒலிப்பதில்லை, நாடகமாக ஒலிக்கிறது. 2006இல் வந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ முழுக்க அந்த நாடகத்தை நம்பி எடுத்த படம். அரபியில் ஃபுஸ்ஹாவுக்கும் தனி வாடை உண்டு. செய்தி வாசிப்பு, மேடைப் பேச்சு, மத உரை, சின்ன வயதில் பார்த்த மொழிமாற்றுக் கார்ட்டூன்கள் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ‘தப்பன்’ என்று ஒரு திட்டு. வீட்டில் யாரும் அப்படித் திட்டுவதில்லை, வெளிநாட்டுப் படங்களின் அரபி வசனவரியில்தான் அது வாழ்கிறது. அதனாலேயே அரபி இளைஞர்கள் அதைக் கேலிக்குப் பயன்படுத்துகிறார்கள். எகிப்தியப் பேச்சில் படங்களைத் தந்துவந்த டிஸ்னி, 2013இன் ‘ஃப்ரோசன்’ படத்தை ஃபுஸ்ஹாவில் தந்தபோது, பாட்டும் பேச்சும் குழந்தைகள் வாயில் நிற்காத மொழியில் இருப்பதாக அரபு ரசிகர்களிடமிருந்தே குறை வந்தது.

நான் ஃபுஸ்ஹாவை ஒதுக்கச் சொல்லவில்லை, அதன் வாடையைத் தெரிந்து பயன்படுத்தச் சொல்கிறேன். புலிகேசி மீமுக்கு ஃபுஸ்ஹாவைவிடப் பொருத்தமான அரபி கிடையாது. நேசமணி மீமுக்கோ இரண்டும் வேண்டும். அரபுச் செய்தி அலைவரிசைகளில் அவசரச் செய்திக்குச் சிவப்புப் பட்டையில் ‘ஆஜில்’ என்று வரும். மீமின் கீழே அதே பட்டை, அதில் கறாரான ஃபுஸ்ஹாவில், சுத்தியல் விழுந்ததில் ஒப்பந்ததாரருக்குத் தலையில் காயம் என்ற செய்தி. மேலே, அடிபட்டவரின் வாயிலிருந்து சுத்தமான தெருப்பேச்சு. விறைப்பும் வலியும் ஒன்றின்மேல் ஒன்று மோதும் இடத்தில்தான் இந்த மீம் சிரிக்கிறது. முழுவதையும் ஃபுஸ்ஹாவில் எழுதினால் அது விபத்துச் செய்தி. முழுவதையும் பேச்சில் எழுதினால் அது புலம்பல்.

எந்தத் தெருப்பேச்சு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அது பாடப்புத்தகத்தையும் திரைப்படத்தையும் மனதில் வைத்துக் கேட்கிற கேள்வி. படத்துக்கு ஒருமுறைதான் குரல் கொடுக்க முடியும், அதற்குச் செலவு இருக்கிறது. மீமுக்கு இரண்டாவது வடிவம் செய்ய ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம் கூட ஆகாது. வர்ணம் அடிப்பவர் வளைகுடாவில் ‘ஸப்பாக்’, எகிப்தில் ‘நக்காஷ்’, சிரியா லெபனான் பக்கம் ‘தஹ்ஹான்’. மூவருக்கும் பொதுவாக ஒரு ஏட்டுச் சொல் தேடுவதைவிட மூன்று படம் செய்வது சுலபம். ஒன்றுதான் முடியும் என்றால் எகிப்தியப் பேச்சு போதும். எகிப்தியத் திரைப்படங்களைப் பார்த்து வளர்ந்த அரபு உலகம் அதைப் புரிந்துகொள்ளும். எல்லோருக்குமான மீம் என்று தொடங்குகிறவர் பெரும்பாலும் யாருக்கும் ஆகாத மீமில்தான் போய் நிற்கிறார்.

3. வெட்டினால் காயம் வராது என்பது எந்த அனுபவத்தில் கண்ட உண்மை? வெட்டுவதன் விளைவுக்குப் பெரிய சான்று ‘அல் ஷம்ஷூன்’. அமெரிக்கக் கார்ட்டூன் தொடரான ‘தி சிம்ப்சன்ஸ்’ஸை எம்.பி.சி. நிறுவனம் 2005 ரமலான் மாதத்தில் அரபியில் கொண்டுவந்தது. ஹோமர் உமர் ஆனார். அவர் குடித்த பீர் மது இல்லாத பானமாயிற்று, பன்றி இறைச்சி காணாமல் போயிற்று. எகிப்தியப் பேச்சு, குரல் கொடுத்தவர் பெரிய நகைச்சுவை நடிகர் முகமது ஹெனெய்தி. பேச்சுமொழியும் நட்சத்திரமும் இருந்தும் தொடர் எடுபடவில்லை, பாதியில் நின்றது. காரணம் கடினமானதல்ல. ஹோமர் பீரால் வேடிக்கையானவர் அல்லர். தன்னால் தன்னையே கட்டுப்படுத்த முடியாத குடும்பத் தலைவர் என்பதால் வேடிக்கையானவர். பீரை எடுத்துவிட்டுச் சாதுவான பானத்தைக் கையில் கொடுத்தபோது அந்தக் கட்டுப்பாடின்மையும் சேர்ந்து போய்விட்டது. பீருக்குப் பதில் அவரை நெய் சொட்டும் இனிப்புக்கு அடிமையாக்கியிருந்தால் ஆள் பிழைத்திருப்பார். வெட்டுகிறவர் பொருளைப் பார்க்கிறார், அந்தப் பொருள் செய்த வேலையைப் பார்ப்பதில்லை.

இனி மறுபக்கம். வெட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத சுத்தமான மீம் ஒன்றை எடுப்போம். 1989இன் ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழ நகைச்சுவை. கவுண்டமணி இரண்டு பழம் வாங்கிவரச் சொல்கிறார், செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வருகிறார், இன்னொன்று எங்கே என்றால் கையில் இருப்பதே அந்த இன்னொன்று என்று சாதிக்கிறார். மதம் இல்லை, மது இல்லை, பெண் இல்லை. தர்க்கத்தில் நிற்கும் நகைச்சுவை என்பதால் எந்த மொழிக்கும் நடந்தே போகும் என்று தோன்றும். ஆனால் ஒற்றை வாழைப்பழத்துக்கு அரபியில் ‘மோஸா’. வளைகுடாவில் மோஸா என்பது மதிப்புள்ள பெண் பெயராகவும் ஒலிக்கும். கத்தாரின் முன்னாள் அமீரின் மனைவி பெயரும் ஷேக்கா மோஸாதான். எகிப்திய இளைஞர் பேச்சிலோ அது அழகான பெண்ணைக் குறிக்கும் கொச்சை. ‘இன்னொரு மோஸா எங்கே’ என்று ஒருவன் அதட்ட, ‘இதோ என் கையில் இருப்பதுதான்’ என்று மற்றவன் இளிக்கும் படம் தோஹாவில் எப்படி வாசிக்கப்படும் என்பதை யோசித்துக்கொள்ளலாம். விலக்கப்பட்டவை பட்டியலை ஏழுமுறை சரிபார்த்தாலும் இது அகப்படாது, பட்டியலில் வாழைப்பழம் கிடையாது.

இதற்குத் தீர்வு நகைச்சுவையின் உள்ளேயே இருக்கிறது. வளைகுடாப் பேச்சில் பழங்களை ‘ஹப்பா’ என்று எண்ணுவார்கள், நாம் ஒரு பழம், இரண்டு பழம் என்பதுபோல. ‘வேன் அல்ஹப்பா அத்தானியா?’, இரண்டாவது எங்கே? ‘ஹாதி ஹிய அத்தானியா’, இதுதான் இரண்டாவது. பெண் பெயர் மறைந்தது. சண்டை முழுக்க எண்ணைப் பற்றியது என்பதால் எண்ணும் சொல் முன்னால் வந்தது நகைச்சுவையைக் கூர்மையாகவும் ஆக்குகிறது. அதே காட்சியின் ஆளான கவுண்டமணி வாயில் சாதாரணமாக வரும் ‘பன்னி’க்கும் இதே அளவுகோல்தான். அரபியின் ‘ஹின்ஸீர்’ அதைவிடப் பல மடங்கு கனம், அப்படியே வைத்தால் அடிதடி. வசையையே வெட்டினால் கவுண்டமணி இல்லை. மடையா என்னும் எடையில் ‘கபி’ என்று ஒரு சொல் இருக்கிறது; அது போதும்.

சட்டத்தைக் காட்டி வெட்டச் சொல்கிறவர்கள் அதே சட்டத்தை இன்னொரு முறை வாசிக்க வேண்டும். நான் மேலே சொன்ன அமீரகச் சட்டப் பிரிவு விலக்கப்பட்ட பொருள்களின் பட்டியல் அல்ல. இன்னொருவரை இழிவுபடுத்தினாயா, மற்றவர் ஏளனத்துக்கு அவரை ஆளாக்கினாயா என்று கேட்கிறது. அதாவது, கேலி யார் மேல் என்று கேட்கிறது. நிறுவன மேலாளர் பெயரைச் சூசகமாகச் சொல்லும் மீமில் மதுவும் பன்றியும் இல்லை என்பது அங்கே பதிலாகாது. தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் மீமுக்கு அந்தப் பயம் குறைவு. வடிவேலு மீம்களில் பெரும்பகுதி அந்த வகை என்பது தமிழ் மீம்காரருக்கு வாய்த்த அதிர்ஷ்டம்; மொழிபெயர்ப்பில் அதைத் தொலைக்காமல் இருந்தால் சரி.

ஒரு வரம்பையும் ஒப்புக்கொள்கிறேன். கறுப்பு நிறத்தை, உடல் குறையை, சாதியை அடித்துச் சிரிக்கவைத்த காட்சிகள் தமிழ்த் திரையில் ஏராளம். அவற்றில் கேலிக்கு இலக்கானதே காயமாக இருக்கிறது. அங்கே சொல்லை மாற்றியும் பயனில்லை, முகத்தை மாற்றியும் பயனில்லை. அந்த மீமை அனுப்பாமல் இருப்பதே மொழிபெயர்ப்பாளரின் முடிவாக இருக்கவேண்டும். வெட்டும் விதிக்காரர்கள் அவற்றையும் ஒட்டுப்போட்டு அனுப்பிவிடுவார்கள் என்பதுதான் என் கவலை, ஏனென்றால் அவற்றில் பல அவர்கள் பட்டியலில் தேறிவிடும்.

4. சிலேடை மொழிபெயராது என்பது சோம்பலுக்கு வைத்த கௌரவமான பெயர். ஒரு மொழியின் சிலேடை அதே சொல்லில் இன்னொரு மொழிக்குப் போகாது. இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சிலேடை மீமில் ஒரு வேலை செய்கிறது, அந்த வேலைக்கு மற்ற மொழியில் ஆள் இருக்கிறதா என்று தேடினார்களா? நேசமணியின் சுத்தியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏட்டு அரபியில் ‘மித்ரகா’. இதோடு நிறுத்திக்கொள்வார் விதிப்படி நடப்பவர். எகிப்தியப் பேச்சில் அது ‘ஷாகூஷ்’. எகிப்தில் ஒருவனுக்கு இன்னொருவர் ஷாகூஷ் கொடுத்தார் என்றால் நம்பவைத்துக் கைவிட்டார், காதலில் கழற்றிவிட்டார் என்று பொருள். சொந்தக்காரப் பையனை நம்பி வேலையில் சேர்த்த கான்ட்ராக்டருக்கு அவனிடமிருந்து ஷாகூஷ் விழுந்தது என்று எழுதிப் பாருங்கள். தலையிலும் விழுந்தது, நம்பிக்கையிலும் விழுந்தது. தமிழில் இல்லாத சிலேடை அரபியில் தானாக வந்து நிற்கிறது. மொழிபெயர்ப்பில் இழப்பு மட்டுமே உண்டு என்று நம்புகிறவர் இந்த வரவைக் கண்ணால் பார்க்கவே மாட்டார்.

அந்தப் புகழ்பெற்ற வேண்டுகோளும் இப்படித்தான். நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள் என்பதை நேராக மாற்றினால் ‘ஸல்லூ’ என்று வரும், அது தொழுகையைத் தொடும் சொல். ‘உத்ஊ’ என்றால் துஆக் கேட்கச் சொல்வது. கற்பனை மனிதருக்குத் துஆவா என்று முகம் சுளிக்கிறவர்கள் இருப்பார்கள். வெட்டும் விதி வரியையே தூக்கிவிடும். தூக்கினால் மீமே இல்லை. அரபியர் அடிபட்டவரையும் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரையும் பார்க்கப் போனால் சொல்வது ‘அல்ஃப் ஸலாமா’, ஆயிரம் நலம். கான்ட்ராக்டர் அங்கே ‘முகாவில்’; வளைகுடாவில் வேலை பார்த்த நம்மூர்க்காரருக்கே பழகிய சொல். ‘அல்ஃப் ஸலாமா, முகாவில் நேசமணி’ என்றால் ஊரே ஒரு கற்பனை மனிதரை நலம் விசாரிக்கிறது. மூலத்தின் நகைச்சுவை சிந்தாமல் வந்துவிட்டது, தொழுகை பக்கமே போகவில்லை. அந்தப் ‘பாவம்’ என்ற கடைசிச் சொல்லுக்கு ‘மிஸ்கீன்’ காத்திருக்கிறது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஏற்கனவே புழங்கும் சொல்.

கீழே சின்ன எழுத்தில் விளக்கம் போட்டுவிடலாமே என்பாரும் உண்டு. கட்டை விரல் தள்ளிக்கொண்டே போகும் திரையில் விளக்கம் வாசித்துவிட்டுச் சிரிக்க யாரும் நிற்பதில்லை. விளக்கம் வேண்டியிருக்கிறது என்றால் மொழிபெயர்ப்பு இன்னும் முடியவில்லை என்று பொருள்.

5. முகத்தை மாற்றி, மொழியை மாற்றி, புதுச் சிலேடையும் சேர்த்தால் அது மொழிபெயர்ப்பா, வேறு மீமா? என் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி இதுதான். பதில் நேசமணியின் பிறப்பிலேயே இருக்கிறது. மலையாளத்தில் அதே பாத்திரத்தில் நடித்தவர் ஜகதி ஸ்ரீகுமார், பெயர் லாசர். முகம் மாறியது, பெயர் மாறியது, பேச்சு முழுக்கத் தமிழானது. யாரும் வேறு நகைச்சுவை என்று சொல்லவில்லை, ஏனென்றால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம், எந்தப் பரிவோடு சிரிக்கிறோம், எந்த இடத்தில் திருப்பம் விழுகிறது என்ற மூன்றும் மாறவில்லை. இந்த மூன்றும் நின்றால் புது முகத்தோடு வந்தாலும் அதே மீம். பழைய முகத்தை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் தவறவிட்டால், வளைகுடாவில் வடிவேலுவுக்கு நேர்ந்ததுபோல, அதுதான் வேறு மீம். அதுவும் நாம் அனுப்ப நினைக்காத மீம்.

செய்து முடித்ததைச் சோதிக்கும் முறையிலும் நடப்பு வழக்கம் தவறாகவே இருக்கிறது. முதலில் எழுத்து. பட மென்பொருள் அரபியைக் கையாளத் தெரியாததாக இருந்தால் எழுத்துகள் கைகோக்காமல் தனித்தனியாக, இடமிருந்து வலமாக நிற்கும். அரபி தெரியாதவரும் இதைக் கண்டுபிடிக்கலாம்: ஒரு சொல்லில் எல்லா எழுத்தும் உதிரியாக நின்றால் பெரும்பாலும் அது உடைந்த அரபி. பின்னணியில் இருக்கும் அரபியையும் யாராவது வாசிக்க வேண்டும். அமெரிக்கத் தொடர் ‘ஹோம்லேண்ட்’ 2015இல் படப்பிடிப்புச் சுவரில் அரபி எழுத ஓவியர்களை அமர்த்தியது. அவர்கள் அந்தத் தொடரே இனவெறி பிடித்தது என்று எழுதிவைத்தார்கள். ஒளிபரப்பாகும் வரை தயாரிப்புக் குழுவில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு வாசகர். பழக்கமான அரபியர் ஒருவரிடம் காட்டி, சிரித்தாரா என்று பார்ப்பதே பலர் அறிந்த ஒரே சோதனை. மரியாதைக்கும் சிரிப்பார்கள், கூட வேலை செய்கிறவர் மனம் நோகக்கூடாது என்றும் சிரிப்பார்கள். கேட்கவேண்டிய கேள்வி வேறு: இதில் யாரைக் கேலி செய்கிறோம்? விளக்கம் எதுவும் சொல்லாமல் கேட்கவேண்டும், முடிந்தால் ஒரு எகிப்தியரிடமும் ஒரு வளைகுடாக்காரரிடமும் தனித்தனியாக. நேசமணி மீமுக்கு, வெறும் பதற்றத்தை, செய்திக்காரர்களை, நம்மையே என்று ஏதாவது பதில் வந்தால் மீம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் சிரிக்காமல் இருந்தாலும் பரவாயில்லை, அதைச் சரிசெய்ய வழியுண்டு. வேலைக்காரரை என்று பதில் வந்தால், அவர் வயிறு குலுங்கச் சிரித்திருந்தாலும் அதை அனுப்பக்கூடாது. விலக்கப்பட்டவை பட்டியலை வைத்துக்கொண்டிருப்பவரால் இந்த இரண்டாவது மீமைப் பிடிக்கவே முடியாது, ஏனென்றால் அதில் வெட்ட ஒரு சொல்லும் இல்லை.